வந்தாரா, வந்தாராம், வந்தாராமே: கடைசியில் ஒட்டும் அந்த 'ஆம்' என்ன செய்கிறது?

மன்னார்குடி மல்லி:

எல்லாருக்கும் வணக்கம். மன்னார்குடியில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். பாட்னாவிலிருந்து ஒரு தம்பி எங்கள் கிளைக்கு மாற்றலாகி வந்து எட்டு மாதம் ஆகிறது. தமிழ் கற்றே தீருவது என்று இருக்கிறார், சாயங்காலம் கவுண்டர் மூடியதும் அரை மணி நேரம் நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். வினைச்சொல், வேற்றுமை எல்லாம் ஓரளவு பிடித்துவிட்டார். வாக்கியத்தின் வாலில் நாம் ஒட்டுகிற சின்னச் சின்ன அசைகளில்தான் மாட்டிக்கொள்கிறார்.

போன வாரம் நடந்தது இது. பயிர்க்கடன் விஷயமாக வடுவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். இந்தத் தம்பி ரொம்ப மரியாதையாக, "ஐயா, மேனேஜர் இன்னைக்குக் கையெழுத்து போடுவாராம்" என்றார். பெரியவர் முகம் சுருங்கிவிட்டது. "போடுவாராமா? ஏன் தம்பி, உனக்கே தெரியாதா?" என்று கேட்டுவிட்டுப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் வந்து, "என்னம்மா, நம்ம பேப்பர்ல ஏதும் சிக்கலா?" என்றார். ஒரு சிக்கலும் இல்லை. மேனேஜர் தன் வாயால் "இன்று போடுகிறேன்" என்று தம்பியிடம் சொல்லியிருந்தார்.

தம்பி கேட்டது நியாயமான கேள்வி. "அக்கா, பியூன் அண்ணன் வந்து 'சார் கூப்பிடறாராம்'னு சொல்றாரே, அது சரி. நான் சொன்னா ஏன் தப்பு? நானும் கேட்டதைத்தானே சொன்னேன்?" எனக்குப் பதில் தெரியவில்லை. தப்பு என்று காதுக்குத் தெரிகிறது, ஏன் தப்பு என்று வாய்க்கு வரவில்லை. யாராவது விளக்கமாகச் சொல்லுங்களேன்.

குடமுருட்டி:

ரொம்பச் சுலபம். 'ஆம்' போட்டால் "எனக்கு நம்பிக்கை இல்லை" என்று அர்த்தம். "அவன் பெரிய பணக்காரனாம்", "இவரு பாடுவாராம்" என்றெல்லாம் சொல்கிறோமே, ஒன்றையாவது நம்பிச் சொல்கிறோமா? மேனேஜர் கையெழுத்துப் போடுவது சந்தேகம் என்று பெரியவர் எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். உங்கள் தம்பியிடம் "சந்தேகம் இருந்தால் ஆம், இல்லாவிட்டால் வேண்டாம்" என்று ஒரே வரியில் சொல்லிக்கொடுங்கள்.

நாகை நெய்தல்:

குடமுருட்டி அண்ணே, அது எப்படி? என் பையன் மாடிக்கு ஓடிவந்து "அப்பா, அம்மா சாப்பிடக் கூப்பிடறாங்களாம்" என்கிறான். நான் கூப்பிட்டதில் அவனுக்கு என்ன சந்தேகம்? சோறு ஆறிக்கொண்டிருக்கிறது!

குடமுருட்டி:

அது வேறு 'ஆம்', இது வேறு 'ஆம்'.

அரசலாற்றங்கரை:

வேறு வேறு என்று பிரிக்கத் தேவையில்லை என்றே நினைக்கிறேன். வட்டாரப் பேச்சைப் பதிவு செய்து எழுதும் வேலையில் பல வருஷம் பாபநாசம், வலங்கைமான் பக்கமெல்லாம் சுற்றியிருக்கிறேன். இந்த 'ஆம்' என் காதிலிருந்து போகாத ஒன்று.

சந்தேகத்தை முதலில் தள்ளி வையுங்கள். 'ஆம்' சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இந்தச் செய்தி என் கண்ணால் கண்டதல்ல, வேறொரு வாயிலிருந்து என்னிடம் வந்தது, நான் கை மாற்றிவிடுகிறேன். அது உண்மையா பொய்யா என்பதைப் பற்றி அது பேசுவதே இல்லை. சொல்கிறவர் அந்தச் செய்திக்கு ஜாமீன் நிற்கவில்லை, அவ்வளவுதான். நெய்தலின் பையன் அம்மா சொன்னதைக் கொண்டுபோய் அப்பாவிடம் சேர்க்கிறான். அதில் அவன் ஜாமீன் நிற்க வேண்டிய அவசியமே இல்லை, அம்மா கீழேயே இருக்கிறார்.

இப்போது மல்லியின் வங்கிக்கு வருவோம். ஒருவர் ஜாமீன் நிற்காமல் ஒதுங்குவது எப்போது உறுத்தும்? அவர் நிற்க வேண்டிய இடத்தில் இருக்கும்போது. பியூன் வந்து "சார் கூப்பிடறாராம்" என்றால் அவர் தூது வந்தவர், அவரிடமிருந்து அதற்கு மேல் யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிற பெரியவருக்கு அந்தத் தம்பியும் மேனேஜரும் வேறு வேறு ஆள் இல்லை, இருவரும் சேர்ந்துதான் வங்கி. தம்பி 'ஆம்' போட்ட நிமிஷத்தில் வங்கியை விட்டு வெளியே வந்து பெரியவர் பக்கத்தில் நின்றுகொண்டு, "உள்ளே அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள், என்ன நடக்குமோ" என்று சொன்னது போல ஆகிவிட்டது. பெரியவர் பயந்ததில் தப்பே இல்லை.

அவர் சொல்லியிருக்க வேண்டியது "போட்டுடுவாரு ஐயா". அல்லது மேனேஜரைச் சாட்சிக்கு இழுப்பதானால், "இன்னைக்குப் போடறேன்னு சொன்னாரு". இந்த இரண்டாவதைக் கவனியுங்கள். அதுவும் கேட்டதைத்தான் சொல்கிறது, ஆனால் யார் சொன்னார் என்று ஆளைக் காட்டிவிடுகிறது. 'ஆம்' ஆளைக் காட்டாது. அதனால்தான் அதே செய்தி "சொன்னாரு" என்று வரும்போது உறுதியாகவும் 'ஆம்' என்று வரும்போது காற்றில் வந்தது போலவும் கேட்கிறது.

கீழத்தஞ்சை:

நான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். 'ஆம்' என்று இப்போது யார் பேசுகிறார்கள்? எழுத்தில்தான் ஆம், பேச்சில் எல்லோரும் "ஆமா" என்றுதானே சொல்கிறோம். அந்தத் தம்பிக்கு முதலில் பேச்சுத் தமிழைச் சொல்லிக்கொடுங்கள்.

மன்னார்குடி மல்லி:

கீழத்தஞ்சை, நான் கேட்டது "இல்லை"க்கு எதிரான 'ஆம்' இல்லை. வினையின் வாலில் ஒட்டுவது. வந்தார், வந்தாராம்.

கீழத்தஞ்சை:

ஓ, சரி சரி. அப்படியானால் "போகலாம்", "சாப்பிடலாம்" என்பதில் வருவதும் இதுதானா?

அரசலாற்றங்கரை:

நல்ல கேள்விதான். 'ஆகும்' என்பது தேய்ந்துதான் 'ஆம்' ஆகியிருக்கிறது, போகலாம் என்பதிலும் அதே ஆம்தான் இருக்கிறது, நீங்கள் முதலில் சொன்ன ஆமாவுக்கும் இது உறவு. ஆனால் வேலை பிரிந்து ரொம்ப நாளாகிவிட்டது. எப்படிச் சொல்கிறேன் என்றால், இரண்டும் ஒரே சொல்லில் அடுத்தடுத்து வந்து நிற்கும்: "நாம இப்ப போகலாமாம்". முதல் ஆம் அனுமதி, இரண்டாவது ஆம் யாரோ சொன்னது. ஒன்றே என்றால் இரண்டு தடவை போட வேண்டியதில்லை.

கடைமடைக்காரன்:

நான் இலக்கணம் படித்தவன் இல்லை, ஆனால் இந்த ஒரு எழுத்தை விழுங்கியதால் பட்டது இருக்கிறது, சொல்கிறேன். எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, வாய்க்காலின் கடைசி வால். மேட்டூரில் ஜூன் 12 திறந்தால் கல்லணைக்குத் தண்ணீர் வர மூன்று நாலு நாள், அங்கிருந்து பிரிந்து பிரிந்து எங்கள் மடைக்கு வருவதற்குள் என்றைக்கு என்று யாரும் நாள் குறிக்க முடியாது. முறை வைத்து விடுகிற வருஷம் என்றால் இன்னும் மோசம்.

அப்படி ஒரு வருஷம் மேலே இருக்கிற என் மச்சான் போன் போட்டு, "மாப்ள, நாளன்னிக்கு ஒங்க வாய்க்காலுக்குத் திறக்கறாங்களாம்" என்றார். நான் சந்தோஷத்தில் பக்கத்து வயல் சித்தப்பாவிடம் போய், "நாளன்னிக்கு நமக்குத் திறக்கறாங்க சித்தப்பா" என்று சொன்னேன். பாருங்கள், 'ஆம்' போச்சு. நான் வேண்டுமென்று எடுக்கவில்லை. அவர் அன்று சாயங்காலமே இரண்டு மூட்டை விதையை ஊறப்போட்டு, மறுநாள் எடுத்துச் சாக்கில் கட்டி வைத்துவிட்டார். விதை ஒரு நாள் ஊற வேண்டும், ஒரு நாள் கட்டிக் கிடக்க வேண்டும், முளை எட்டிப் பார்த்ததும் நாற்றங்காலில் தெளித்துவிட வேண்டும். காத்திருக்காது. தண்ணீர் வந்தது அதற்கு நாலு நாள் கழித்து. அதற்குள் சாக்குக்குள் வேர் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, பிரித்தால் முளை ஒடிகிறது, கை வைத்தால் சுடுகிறது, புளித்த வாடை வேறு. இரண்டு மூட்டையும் மாட்டுக்குத்தான் போனது.

சித்தப்பா என்னைத் திட்டவில்லை. "நீ 'திறக்கறாங்களாம்'னு சொல்லியிருந்தா நான் ஒரு நாள் பொறுத்திருப்பேன்டா" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து தண்ணீர் சேதி யார் சொன்னாலும் அந்த வாலைப் பார்த்துத்தான் நான் அடுத்த ஆளுக்குச் சொல்கிறேன்.

அரசலாற்றங்கரை:

கடைமடைத் தம்பி, இதை விடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது. மச்சான் பொய் சொல்லவில்லை, நீங்களும் பொய் சொல்லவில்லை. 'திறக்கிறாங்களாம்' என்று நீங்கள் சொல்லியிருந்தால் சித்தப்பா அடுத்து ஒரு கேள்வி கேட்டிருப்பார்: "யாரு சொன்னா?" அந்தக் கேள்வியைக் கேட்க வைப்பதுதான் 'ஆம்'. அதை எடுத்துவிட்டபோது கேள்விக்கே இடமில்லாமல் போனது, மதகைத் திறந்துவிடுகிற லஸ்கரிடம் நீங்களே நேரில் விசாரித்து வந்ததாக அவர் எடுத்துக்கொண்டார்.

பழைய சிரஸ்தார்:

நான் நீதிமன்றத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன், ஓய்வு பெற்றுக் கும்பகோணத்தில் இருக்கிறேன். சாட்சிக் கூண்டில் இந்த அசையைப் போல ஆளைக் கவிழ்ப்பது வேறொன்று இல்லை. கிராமத்து ஆள் ஒருவர் வரப்புத் தகராறில் சாட்சி சொல்ல வருவார். முதல் விசாரணையில், "அவரு மம்பட்டிய எடுத்து வரப்ப வெட்டுனாருங்க" என்பார். குறுக்கு விசாரணையில் வக்கீல் அங்கே இங்கே சுற்றிவிட்டு, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று இயல்பாகக் கேட்பார். சாட்சி, "அப்புறம் இவங்க ஓடி வந்தாங்களாம், அவரு மம்பட்டியப் போட்டுட்டுப் போயிட்டாராம்" என்பார். அவ்வளவுதான், வக்கீல் பிடித்துக்கொள்வார். "வந்தாங்களாமா, வந்தாங்களா? நீ பார்த்தியா, கேட்டியா?" கேட்டதைச் சொல்லும் சாட்சியம் பொதுவாக ஏற்கப்படாது, விதிவிலக்குகள் தனி. அந்த ஆள் முதல் பாதியை உண்மையிலேயே கண்ணால் பார்த்திருப்பார், ஆனாலும் மொத்தமும் ஆட்டம் கண்டுவிடும்.

இதில் எழுதிக்கொள்கிறவர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. பேச்சை எழுத்துத் தமிழாக்கும்போது "வந்தாராம்" என்பதை "வந்தார்" என்று எழுதிவிட்டால் செவிவழி நேர்சாட்சி ஆகிவிடும். அவசரத்தில் அப்படி எழுதப்பட்டு, பிறகு வாசித்துக் காட்டும்போது சாட்சியே "நான் அப்படிச் சொல்லலீங்களே" என்று நின்றதை நான் பார்த்திருக்கிறேன். "வந்தார் என்று கேள்விப்பட்டேன்" என்றுதான் எழுத வேண்டும்.

குடமுருட்டி:

சிரஸ்தார் ஐயா, அப்போது வக்கீலே அதைச் சந்தேகமாகத்தானே எடுக்கிறார்? நான் சொன்னதும் அதுதான்.

பழைய சிரஸ்தார்:

சந்தேகப்படுவது வக்கீல், சாட்சி இல்லை. சாட்சி அதை முழுக்க நம்பித்தான் சொல்கிறார். நம்புவது வேறு, பார்ப்பது வேறு.

மன்னார்குடி மல்லி:

இதையெல்லாம் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். இந்தியில் இதற்கு ஒட்டு கிடையாதாம், "சுனா ஹை" என்று முன்னால் தனியாகப் போட்டுச் சொல்வார்களாம். (இப்போது நானே இரண்டு தடவை போட்டதைக் கவனித்தேன்.) அடுத்த நாளே ஒரு புதுத் தப்பு. மதியம் சாப்பிடும்போது, "நான் நேத்து ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் வேலை செஞ்சேனாம்" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள், அவருக்கு வருத்தம். "நான்" வந்தால் 'ஆம்' போடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். சரிதானே?

நாகை நெய்தல்:

அது சரியில்லை மல்லி. "நான் தூக்கத்துல கொறட்டை விடறேனாம்" என்று என் வீட்டுக்காரர் நேற்றுகூட அவர் தங்கச்சியிடம் சொன்னார்.

குடமுருட்டி:

"நான்தான் அவங்க வீட்டு மாங்காயைப் பறிச்சேனாம்!" இதுவும் உண்டு. இங்கே பாருங்கள், நான் பறிக்கவே இல்லை என்றுதான் அர்த்தம். இங்கே நம்பிக்கை இல்லை என்பதை யாரும் மறுக்க முடியாது.

அரசலாற்றங்கரை:

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததற்கு நன்றி, விஷயம் இங்கேதான் இருக்கிறது.

குறட்டை விடுகிறவருக்குத் தன் குறட்டை தெரியாது, தூங்கிக்கொண்டிருக்கிறார். அடுத்தவர் சொல்லித்தான் தெரியும். ஆகவே "விடறேனாம்" என்பதில் மறுப்பும் இல்லை, கோபமும் இல்லை. "நான் பொறந்தப்ப அழவே இல்லையாம்", "காய்ச்சல்ல ஏதேதோ பேசினேனாம்", இவையும் அப்படித்தான். தான் செய்ததே என்றாலும் தனக்கு எட்டாத இடம்.

மாங்காய் பறித்தேனா இல்லையா என்பது அப்படி இல்லை. பறித்திருந்தால் எனக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தே தீர வேண்டிய ஒன்றை "வேறு யாரோ சொல்கிறார்கள்" என்று நான் சொன்னால், கேட்கிறவருக்கு ஒரே வழிதான் மிச்சம்: என் கணக்கில் அது நடக்கவில்லை, சொல்கிறவன் கணக்கில்தான் நடந்திருக்கிறது. மறுப்பு அங்கிருந்து பிறக்கிறது. சொல்லில் இல்லை அது, சொல்லையும் ஆளையும் சேர்த்துப் பார்க்கிற கேட்பவர் மனதில் உண்டாகிறது. "நான்தான்" என்று அழுத்தியது அதை இன்னும் கூட்டுகிறது.

தம்பி ஒன்பது மணி வரை விழித்திருந்து வேலை செய்தவர். "செஞ்சேனாம்" என்றதும், வேலை செய்ததாக யாரோ பொய் சொல்கிறார்கள் என்று அவரே புகார் சொன்னது போல ஆகிவிட்டது. ஆகவே மல்லி, "நான் வந்தால் போடாதே" என்ற விதி வேண்டாம். "இது எனக்கு நேரடியாகத் தெரியுமா, அல்லது என் இடத்தில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதா?" என்று ஒரு தடவை யோசிக்கச் சொல்லுங்கள். வங்கிக் கவுண்டருக்கும் அதே கேள்விதான், சாட்சிக் கூண்டுக்கும் அதேதான்.

குடமுருட்டி:

சரி, பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "பெரிய இவராம்!" என்பதை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்? அங்கே யாருமே ஒன்றும் சொல்லவில்லை. யார் வாயிலிருந்து வந்த செய்தி அது?

அரசலாற்றங்கரை:

அது எனக்கும் முழுசாகப் பிடிபடவில்லை. அந்த ஆளே தன்னைப் பற்றி அப்படி நினைத்துக்கொள்கிறார் என்று அவர் வாயில் போட்டு நாம் சொல்வதாக நான் கேட்கிறேன். ஆனால் அங்கே ராகம் மாறுகிறது, 'இவராம்' என்பது இழுபட்டுக் கீழே இறங்குகிறது. செய்தி சொல்லும் 'ஆம்' அப்படி இழுபடாது. ராகம்தான் அந்த வேலையைச் செய்கிறது, 'ஆம்' சும்மா ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று யாராவது சொன்னால் என்னால் மறுக்க முடியாது.

வீட்டில் தெலுங்கு:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். தஞ்சாவூர்தான், பல தலைமுறையாக இங்கேயே இருக்கிறோம், வீட்டில் மட்டும் தெலுங்கு. எங்கள் பேச்சில் 'வச்சாடு' என்றால் வந்தான், 'வச்சாடட' என்றால் வந்தானாம். அந்தக் கடைசி 'அட' இந்த 'ஆம்' செய்கிற வேலையையே செய்கிறது. பாட்டி அக்கம்பக்கத்துக் கதை சொல்லும்போது வாக்கியத்துக்கு வாக்கியம் அட, அட என்றுதான் முடிப்பார்.

மன்னார்குடி மல்லி:

அருமை. இப்போது அடுத்தது: 'ஆமே'. தம்பி கேட்கிறார், வந்தாராமா, வந்தாராமே, இரண்டும் கேள்விதானே, எதை எப்போது என்று.

பழைய சிரஸ்தார்:

ஏகாரத்துக்குத் தொல்காப்பியம் ஐந்து பொருள் சொல்கிறது: தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை. நன்னூல் இசைநிறையைச் சேர்த்து ஆறாக்கும். நீங்கள் கேட்கும் ஆமேயில் வருவது தேற்றமா வினாவா என்று எனக்கு எப்போதும் ஒரு தயக்கம் உண்டு.

அரசலாற்றங்கரை:

ஐயா தயங்குவது சரியான இடத்தில்தான். நடப்பதைப் பார்ப்போம். "உங்க பொண்ணுக்குக் கல்யாணமாமே!" என்று கேட்பது யாரிடம்? பெண்ணைப் பெற்றவரிடம். செய்தி எனக்கு வேறு வழியில் வந்தது, ஆனால் அதை என்னை விட நன்றாக அறிந்தவர் எதிரில் நிற்கிறார். 'ஆம்' என் நிலையைச் சொல்கிறது, 'ஏ' அதை அவர் பக்கம் தள்ளி, "நீங்கள் சொல்லுங்கள்" என்று இடம் விடுகிறது. அவர் "ஆமாங்க, ஆவணியில வச்சிருக்கோம்" என்று தொடங்குவார். கேள்வி கேட்டது போலவும் இல்லை, செய்தி சொன்னது போலவும் இல்லை.

அதே அப்பாவிடம் "உங்க பொண்ணுக்குக் கல்யாணமாம்" என்று வெறும் ஆமோடு நிறுத்திப் பாருங்கள், அவருக்குத் தெரியாத சேதியை நாம் கொண்டுவந்தது போல விபரீதமாக இருக்கும். "கல்யாணமாமா?" என்றால் அது மூன்றாம் ஆளிடம் கேட்பது, "நீ ஏதும் கேள்விப்பட்டியா?" என்று. ஆகவே செய்தி யாருடையது என்று பார்த்தால் போதும். எதிரில் இருப்பவருடையது என்றால் ஆமே. எதிரில் இருப்பவரும் நம்மைப் போலக் கேட்டறிகிறவர் என்றால் ஆமா. அவருக்குத் தெரியாது, நமக்கும் காதால்தான் தெரியும் என்றால் ஆம்.

"எப்ப வர்றாராம்?" என்பதையும் இதிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். கேட்கிறவர் எதையும் கேள்விப்படவில்லை, பதில் சொல்லப்போகிறவர்தான் கேள்விப்பட்டவர். "எப்ப வர்றாரு" என்று கேட்டால் தேதிக்கு நீங்கள் பொறுப்பு. "எப்ப வர்றாராம்" என்று கேட்டால் அவர் சொன்னதை நீங்கள் சொன்னால் போதும்.

ஒட்டுகிற வரிசை மட்டும் மாறாது. ஆம் முதலில், ஏ பிறகு. வந்தாராமே என்பார்கள், வந்தாரேயாம் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கடைமடைக்காரன்:

எனக்கு ஒரு சந்தேகம் அக்கா. போனில் "தண்ணி வந்துச்சா", "தண்ணி வந்துச்சாம்" இரண்டும் எனக்கு ஒன்றாகவே கேட்கிறது. சிக்னல் இல்லாத இடம் எங்கள் ஊர். மச்சான் கேட்கிறாரா சொல்கிறாரா என்று தெரியாமல் நான் பாட்டுக்கு "தெரியலையே" என்று பதில் சொல்லியிருக்கிறேன்.

அரசலாற்றங்கரை:

அது காதின் குற்றம் இல்லை. எழுத்தில்தான் ம் இருக்கிறது, பேச்சில் உதடு மூடுவதே இல்லை. வாயைத் திறந்தபடியே ஆவை மூக்கு வழியாக விடுகிறோம். சொல்லிப் பாருங்கள், 'வந்துச்சாம்' என்று இயல்பாகச் சொல்லும்போது உதடு ஒட்டாது. ஆக வந்துச்சா, வந்துச்சாம் இரண்டுக்கும் வித்தியாசம் அந்த மூக்கொலியும் கொஞ்சம் ராகமும்தான். மோசமான போனில் முதலில் தொலைவது அதுதான். பின்னால் ஒரு உயிர் வந்தால் மட்டும் ம் முழுசாகத் திரும்பி வரும்: வந்துச்சாமே, வந்துச்சாமா. சந்தேகமாக இருந்தால் "வந்துச்சாமா?" என்று திருப்பிக் கேளுங்கள், அவர் சொல்ல வந்தவராக இருந்தால் "ஆமா, சொன்னாங்க" என்பார்.

மல்லியின் தம்பிக்கு இது கஷ்டமே இல்லை. இந்தியில் மூக்கொலி உயிர் தாராளமாக உண்டு, அவர்கள் "ஹாங்" என்று ஆமோதிக்கும்போது வருவது அந்த ஒலிதான். அதை அப்படியே வாலில் வைக்கச் சொல்லுங்கள், நம்மை விட நன்றாகச் சொல்வார். புத்தகத்தைப் பார்த்து உதட்டை மூடி 'ம்' என்று அழுத்தினால்தான் செயற்கையாக இருக்கும்.

நாகை நெய்தல்:

அக்கா, எல்லாம் சரி, இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். சாயங்காலம் என் பையன் சோற்றை வாயில் வாங்காமல் அடம்பிடித்தால் நான் சொல்வது: "தங்கம் சமத்தா நாலு வாய் சாப்பிடுவானாம், அம்மா அவனைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போவேனாம், அங்க ரெண்டு பேரும் அலையில நிப்போமாம்." இதை யார் என்னிடம் சொன்னது? நானேதான் சொல்கிறேன், நானேதான் செய்யப்போகிறேன். உங்கள் கணக்குப்படி "போவேனாம்" என்பது மறுப்பாக இருக்க வேண்டும். ஆனால் அவன் அதைக் கேட்டுத்தான் வாயைத் திறக்கிறான்!

அரசலாற்றங்கரை:

மாட்டிவிட்டீர்கள். இது என் குறிப்பேட்டில் பல வருஷமாகத் தனிப் பக்கத்தில் இருக்கிறது. குழந்தைகள் விளையாடும்போதும் இதேதான், "நீ டாக்டராம், நான் ஊசி போட்டுக்க வருவேனாம்". என் எண்ணம் இது கதையிலிருந்து வந்தது என்று. ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தானாம் என்பதில் வருகிற ஆம் குழந்தைக்குக் கதையின் வாசல். அம்மா, சோற்றையும் கடலையும் அந்த வாசலுக்குள் கொண்டுபோய் வைக்கிறார். உள்ளே போனதும் அம்மாவும் பையனும் அந்தக் கதையில் வருகிற ஆட்கள், நான் நீ எல்லாம் யாரோ சொன்ன கதையின் ஆள்தான். ஆகவே மறுப்பு எழவில்லை.

குடமுருட்டி:

எனக்கு அப்படித் தோன்றவில்லை. குழந்தையிடம் "சாப்பிடு" என்று ஏவினால் அடம் பிடிக்கும். "சாப்பிடுவானாம்" என்றால் யாரும் ஏவவில்லை, ஏற்கெனவே முடிவாகிவிட்ட விஷயம் போல இருக்கிறது. கதை எல்லாம் இல்லை, ஏவலை மறைப்பதுதான். உங்கள் சொல்லையே எடுத்துச் சொல்கிறேன், அம்மா அந்தக் கட்டளைக்கு ஜாமீன் நிற்காமல் ஒதுங்குகிறார்.

அரசலாற்றங்கரை:

இதை நான் யோசித்ததே இல்லை குடமுருட்டி. "சாப்பிடுவானாம்" என்பதற்கு நீங்கள் சொல்வது நன்றாகவே பொருந்துகிறது. "கூட்டிட்டுப் போவேனாம்" என்பதற்குப் பொருந்துமா? அங்கே ஏவல் இல்லை, வாக்குறுதி. வாக்குறுதியில் ஒதுங்கினால் குழந்தை விடுமா?

நாகை நெய்தல்:

விடவே விடாது. கடலுக்குப் போகாவிட்டால், "போவேனாம்னு சொன்னியே" என்று மறுநாள் காலையில் கேட்கிறான்.

மன்னார்குடி மல்லி:

இன்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்த வடுவூர்ப் பெரியவர் மறுபடி வந்தார். தம்பி எழுந்து நின்று, "ஐயா, உங்க வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சாமே" என்றார். ம் முழுசாக வந்து ஏயோடு சரியாகச் சேர்ந்து நின்றது. பெரியவர் பெஞ்சுக்குப் போகவே இல்லை. எந்த மதகில் எவ்வளவு வருகிறது, யார் வயலுக்கு ஏறவில்லை என்று கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு பத்து நிமிஷம் பேசினார். டோக்கன் நம்பர் இரண்டு தாண்டிப் போய்விட்டது.

கடைமடைக்காரன்:

வடுவூரில் வந்துவிட்டதா, வந்துவிட்டதாமா? தம்பிக்கு யார் சொன்னது என்று கேட்டுச் சொல்லுங்கள், இங்கே விதை இன்னும் மூட்டையில்தான் இருக்கிறது.